தாமும் டாமும்

துரைமார் கோபம் வந்தால் "டாம்" என்று சீறுவதை நம் பெரியவர்கள் கேட்டிருக்கிறார்கள். "எனக்கு ஒரு டாம் கூட லட்சியமில்லை" என்று அலட்சியமாகச் சொல்லும் வழக்கும் ஆங்கிலத்தில் உண்டு. இந்த டாம் நம் தேசத்துச் செப்புக் காசுதான் என்று ஒரு கட்சி நெடுநாளாக இருந்து வருகிறது.

அப்படி ஒரு காசு இருந்தது மெய்யே. அக்பர் காலத்தில் சுமார் 21 கிராம் எடையில் 'தாம்' என்ற செப்பு நாணயம் வழங்கியது. நாற்பது தாம் சேர்ந்தால் ஒரு ரூபாய். ஹிந்தியில் இன்றும் தாம் என்றால் விலை. 'சல்லிக் காசு பெறாது' என்று நாம் சொல்வதைப் போல, வெள்ளைக்காரரும் தாமை வைத்துச் சொன்னார்கள் என்பது வாதம். யூல், பர்னெல் என்ற இருவர் தொகுத்து 1886-இல் வெளிவந்த 'ஹாப்ஸன் ஜாப்ஸன்' அகராதி இந்த யூகத்தைப் பரப்பியது. பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர்.

யூகம் இனிக்கிறது. ஆனால் பழைய ஏடுகள் வேறு சாட்சி சொல்கின்றன. லத்தீனில் இதன் மூலச் சொல்லுக்கு நஷ்டம் விளைவித்தல், தண்டம் விதித்தல் என்று பொருள். பிரெஞ்சு வழியாக 1300 வாக்கில் ஆங்கிலத்துக்கு வந்தபோது, அது குற்றவாளி என்று தீர்ப்பளித்தலைக் குறித்தது. பாதிரிமார் வாயில் அதுவே 'நரகத்துக்கு அனுப்புதல்' ஆயிற்று. கடவுள் பெயரோடு சேர்த்து ஆணையிட்டபோது வசவாயிற்று. ஷேக்ஸ்பியர் 1590-களில் எழுதிய 'தவறுகளின் நகைச்சுவை' நாடகத்திலேயே அந்த ஆணை இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனி பிறந்ததோ 1600-ஆம் ஆண்டின் கடைசி நாளில்!

"வசவு பழையதாக இருக்கட்டும், 'ஒரு டாம் கூட' என்று எண்ணிச் சொல்வது காசையல்லவா காட்டுகிறது?" என்று கேட்கலாம். அவ்வழக்கை 1760-இல் எழுதிய கோல்ட்ஸ்மித் இந்தியாவைக் கண்டவரல்லர். 'ஒரு சாபம் கூட', 'ஒரு வைக்கோல் துரும்பு கூட' என்றும் ஆங்கிலேயர் சொல்வதுண்டு. சாபத்தை எண்ணுகிறவர் வசவையும் எண்ணுவார். அத்தொடரில் நாணயத்தையே குறித்ததாகக் காட்டும் பழைய ஏடு ஒன்றாவது அகப்பட்டால் வாதம் நிற்கும். அப்படி ஒன்றும் அகப்படாததால் ஆக்ஸ்போர்டு அகராதி இந்த யூகத்தைத் தள்ளிவிட்டது.

பெருமைக்கு வேறு சொல் இல்லையா? இருக்கிறது. கீழ்த்திசைச் சில்லறை நாணயத்துக்கு ஆங்கிலேயர் வழங்கிய 'காஷ்' என்ற பெயர், போர்த்துகீசியர் வழியாகச் சென்ற நம் 'காசு'தான். சென்னைக் கணக்குகளில் எண்பது காஷ் ஒரு பணம் என்று எழுதி வந்தார்கள். அதற்கு ஏடு உண்டு. ஆனால் ரொக்கத்தைக் குறிக்கும் 'காஷ்' வேறு. அது பணப்பெட்டியைக் குறித்த ஐரோப்பியச் சொல்லிலிருந்து வந்தது. எழுத்தும் ஒலியும் ஒன்று, வம்சம் இரண்டு.

அச்சன்புதூரானாலும் ஆக்ஸ்போர்டானாலும், சொல்லுக்கு உரிமை கொண்டாட ஒலி போதாது, பத்திரம் வேண்டும்.