குட்டான் என்ன நிறை?

சாவகச்சேரியிற் பனங்கட்டி செய்விக்கும் நண்பரொருவர், முன்பின் அறியாத கொழும்பு ஹோட்டலொன்றின் கொள்வனவு அதிகாரிக்கு எழுதிய மின்னஞ்சலைப் பிழைதிருத்தித் தருமாறு நம்மிடம் கொணர்ந்தார். எழுத்துப்பிழை ஒன்றேனும் இல்லை. ஆயினும், விலை குட்டான் கணக்கில் இருந்தது. குட்டானை யாழ்ப்பாணத்தார் அன்றோ அறிவர்! ஓலைக் குட்டான்கள் யாவும் ஒரே நிறையுடையனவுமல்ல. கிலோக் கணக்கில் வாங்குபவர் பிறர் விலையோடு இதனை எங்ஙனம் ஒப்பிடுவார்?

கிலோ விலையையும் மாதந்தோறும் தரக்கூடிய அளவையும் தொடக்கத்துக்கு ஏற்றினோம்; பாட்டனார் பெருமை கீழே இறங்கிற்று. நண்பருக்குச் சற்று மனத்தாங்கல்தான்.

பின்னர் உரக்க வாசித்தோம். நடுவிலே வேறொரு ஹோட்டலின் பெயர்! பழைய மடலைப் படியெடுத்ததன் எச்சம் அது. கண் இருமுறை தாண்டிச் சென்றதை நாவே தடுத்து நிறுத்திற்று. பெயரை மாற்றிய பின்னரே நண்பரை அனுப்பவிட்டோம்.