ஆர்கானிக் காய்கறிக்கு டபுள் ரேட்... மொத்தக் கூடைக்கும் கொடுக்கணுமா?

கத்திரிக்காய் கிலோ 40 ரூபாய். நாலு கடை தள்ளி, மூங்கில் கூடையில் அடுக்கி 'நஞ்சில்லா காய்கறி' என்று போர்டு மாட்டிய கடையில் அதே கத்திரிக்காய் 80 ரூபாய். செங்கல்பட்டில் குடியிருந்தாலும் சரி, கோவளம் தாண்டி மாமல்லபுரம் பக்கம் குடியிருந்தாலும் சரி, இந்த இரண்டு விலைக்கும் நடுவில் நின்று யோசித்த அனுபவம் உங்களுக்கு நிச்சயம் இருக்கும். 'குழந்தை சாப்பிடுறதாச்சே, பரவாயில்ல வாங்கிடலாம்' என்று ஒரு மனசு சொல்லும். 'மாசக் கடைசியில என்ன பண்றது?' என்று இன்னொரு மனசு கேட்கும்.

பதில் 'எல்லாமே ஆர்கானிக்' என்பதும் இல்லை, 'எல்லாமே ஏமாத்து வேலை' என்பதும் இல்லை. எந்தக் காய்க்குக் கூடுதல் காசு கொடுக்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

அந்தக் கூடுதல் காசுக்கு என்ன கிடைக்குது?

சத்து அதிகம் என்று நினைத்து வாங்குகிறீர்களா? அந்தக் காரணத்தைக் கொஞ்சம் தள்ளி வைங்க. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகக் குழு, அதுவரை வந்திருந்த ஆய்வுகளைத் திரட்டி 2012-ல் ஒரு முடிவை வெளியிட்டது. வைட்டமின் விஷயத்தில் சொல்லிக்கொள்ளும்படியான வித்தியாசம் இல்லை, ஆனால் பூச்சிமருந்து எச்சம் இருக்கும் வாய்ப்பு ஆர்கானிக்கில் குறைவு என்பதுதான் அது. 2014-ல் பிரிட்டனின் நியூகாசில் பல்கலைக்கழகக் குழு, ஆர்கானிக்கில் ஆன்டிஆக்ஸிடன்ட் அதிகம் என்றது. எச்சம் குறைவு என்பதில் மட்டும் இரண்டு குழுவுக்கும் ஒரே கருத்து. ஆக, நீங்கள் காசு கொடுப்பது முக்கியமாக மருந்து எச்சம் குறைவதற்காக.

அந்த எச்சம் நம் ஊரில் எவ்வளவு? மத்திய அரசின் கண்காணிப்புத் திட்டத்தில் 2014-15-ல் நாடு முழுக்க காய்கறி, பழம், அரிசி, பால் என 20,618 மாதிரிகளைச் சோதித்தார்கள். 18.7 சதவிகித மாதிரிகளில் எச்சம் இருந்தது. அனுமதித்த அளவைத் தாண்டியது 2.6 சதவிகிதம். 'எல்லாமே விஷம்' என்று வாட்ஸ்அப்பில் வருகிற பயம் இந்தக் கணக்கில் நிற்காது. அதே நேரம், பிரச்னை எல்லா உணவிலும் ஒரே மாதிரி பரவிக் கிடப்பதும் இல்லை. சில காய்களில்தான் அது திரும்பத் திரும்ப வருகிறது. ஏன் என்று புரிந்துகொள்ள ஒரு கத்திரித் தோட்டத்துக்குப் போகணும்.

கத்திரிக்காய் சொல்லும் கணக்கு

கத்திரிக்குப் பெரிய எதிரி, குருத்தையும் காயையும் துளைக்கிற புழு. அது காய்க்குள்ளே போய்விட்டால் எந்த மருந்தும் எட்டாது. அதனால் அது உள்ளே நுழைவதற்கு முன்பே அடித்துவிட வேண்டும் என்று விவசாயி அடிக்கடி மருந்து தெளிக்கிறார்.

ஒவ்வொரு மருந்துக்கும் 'காத்திருப்புக் காலம்' என்று ஒன்று உண்டு. தெளித்த பிறகு இத்தனை நாள் கழித்துத்தான் காய் பறிக்க வேண்டும் என்பது விதி. இந்தப் புழுவுக்காக அடிக்கப்படும் குளோரான்ட்ரானிலிப்ரோல் என்ற மருந்துக்குக் கத்திரியில் 22 நாள். ஆனால் கத்திரிக்காயை மூணு, நாலு நாளைக்கு ஒருமுறை பறித்தாக வேண்டும். இல்லையென்றால் முற்றி, விதை விழுந்து, சந்தையில் போகாது. விதிப்படி 22 நாள் காத்திருந்தால் ஐந்தாறு பறிப்பு போச்சு. போட்ட முதலும் போச்சு. குத்தகை நிலத்தில் பயிர் செய்கிறவரால் அந்த நஷ்டத்தைத் தாங்க முடியுமா?

அதே மருந்துக்கு வெண்டையில் 5 நாள்தான். ஆனால் வெண்டையை ஒன்று விட்டு ஒரு நாள் பறிப்பார்கள். அங்கேயும் இடிக்கிறது பாருங்க. பச்சை மிளகாய், புடலை, பாகல், தட்டைப்பயறு எல்லாவற்றுக்கும் இதே சிக்கல்தான். பூச்சியும் அதிகம், பறிப்பும் அடிக்கடி.

இலைகளின் கதை வேறு. இலைதான் மருந்தை நேரடியாக வாங்குகிற பாகம். நாம் சாப்பிடுவதும் அதையேதான். 2015-ல் தமிழ்நாட்டுக் காய்கறிகளில் மருந்து எச்சம் இருப்பதாகக் கேரள அரசு புகார் கிளப்பியதும், நம் அதிகாரிகள் மறுத்ததும் ஞாபகம் இருக்கலாம். கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் வெள்ளாயணி ஆய்வகம் வெளியிட்டுவந்த சோதனை முடிவுகளில் அடிக்கடி மாட்டியது கறிவேப்பிலை, புதினா, கொத்தமல்லி, பச்சை மிளகாய் போன்றவைதான்.

இதற்கு நேர் எதிர்ப் பக்கமும் இருக்கு. பூசணி, பரங்கிக்காய்க்குத் தடித்த தோல். அதைச் சீவித்தான் சமைக்கிறோம். சேனையும் கருணையும் மண்ணுக்குள் இருப்பவை. வாழைத்தண்டைப் பட்டை பட்டையாக உரித்த பிறகுதான் எடுக்கிறோம். வெங்காயத்தையும் தோல் உரித்துத்தான் போடுகிறோம். இவற்றுக்கு இரண்டு மடங்கு விலை கொடுத்து நீங்கள் பெறும் பாதுகாப்பு ரொம்பக் கொஞ்சம்.

சரி, கணக்கு போடலாமா?

நாலு பேர் இருக்கும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். விலைகள் உதாரணத்துக்குத்தான். உங்கள் கடை விலையைப் போட்டுப் பாருங்க.

வாரத்துக்கு 8 கிலோ காய்கறி. சராசரியாகக் கிலோ 50 ரூபாய் என்றால் 400 ரூபாய். மொத்தத்தையும் இரண்டு மடங்கு விலையில் ஆர்கானிக்காக மாற்றினால் வாரத்துக்கு 400 ரூபாய் கூடுதல். மாதத்துக்கு 1,600 ரூபாய்.

இப்போது மேலே சொன்ன காய்களை மட்டும் மாற்றுங்க. கத்திரி 1 கிலோவுக்குக் கூடுதலாக 40, வெண்டை 1 கிலோவுக்கு 40, பச்சை மிளகாய்க்கு 15, கீரைக் கட்டுகளுக்கு 30, கறிவேப்பிலை, புதினா, கொத்தமல்லிக்கு 20. வாரத்துக்கு 145 ரூபாய். கறிவேப்பிலைக்கும் புதினாவுக்கும் இரண்டு தொட்டி வைத்து, கொத்தமல்லி விதையும் தூவிவிட்டால் அந்த 20 ரூபாயும் மிச்சம். வாரத்துக்கு 125, மாதத்துக்கு 500 ரூபாய்.

இதில் பலர் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கு. ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், ஒருவருக்கு ஒரு நாளைக்குச் சுமார் 400 கிராம் காய்கறி வேண்டும் என்கிறது. நாலு பேருக்கு வாரத்துக்கு 11 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். நம் குடும்பம் வாங்குவதோ 8 கிலோ. அதாவது, ஆர்கானிக் பற்றி யோசிப்பதற்கு முன்பே தட்டில் வாரத்துக்கு 3 கிலோ குறைகிறது. அதைச் சாதாரண விலையிலேயே நிரப்ப மாதத்துக்கு 640 ரூபாய் ஆகும்.

500-ம் 640-ம் சேர்த்தால் 1,140. மொத்தக் கூடையையும் மாற்ற ஆகும் 1,600-ஐவிடக் குறைவு. எச்சம் அதிகம் வரும் காய்களையும் மாற்றிவிட்டீர்கள், தட்டையும் நிரப்பிவிட்டீர்கள். இதை விட்டுவிட்டு, 'வாங்கினா ஆர்கானிக்தான்' என்று பிடிவாதமாக இருந்து, விலைக்குப் பயந்து பொரியலைப் பாதியாகக் குறைத்தால் குடும்பத்துக்கு அது நஷ்டம்தான்.

போர்டை நம்பலாமா?

மேலே சொன்ன 2014-15 சோதனையில் ஆர்கானிக் கடைகளிலும் மாதிரி எடுத்தார்கள். அங்கேயும் சிலவற்றில் எச்சம் இருந்தது. அதனால் காசு கொடுக்கும் முன் மூணு விஷயம் பாருங்க.

முதலில் முத்திரை. பாக்கெட்டில் வருவதென்றால் 'ஜைவிக் பாரத்' முத்திரை இருக்க வேண்டும். 'பி.ஜி.எஸ்-இந்தியா' முத்திரையில் இரண்டு வகை உண்டு. 'கிரீன்' என்றால் இயற்கை முறைக்கு மாறிக்கொண்டிருக்கும் நிலம். 'ஆர்கானிக்' என்றால் மாறி முடித்த நிலம். இரண்டுக்கும் ஒரே விலை சொன்னால், ஏன் என்று கேளுங்க. ஆனால் சிறு விவசாயி தானே விளைவித்து உங்களிடம் நேரடியாக விற்றால் சான்றிதழ் கட்டாயம் இல்லை. அதனால் முத்திரை இல்லை என்பதாலேயே அவரைப் பொய்யர் என்று நினைத்துவிடாதீங்க.

அடுத்தது பருவம். செங்கல்பட்டு வெயிலிலும் கடற்கரை மணலிலும் கேரட்டும் காலிஃபிளவரும் வருஷம் முழுக்க விளையாது. 'எல்லாம் நம்ம தோட்டத்துது' என்று சொல்லிவிட்டு மே மாதத்தில் காலிஃபிளவர் வைத்திருந்தால், அது வேறு எங்கிருந்தோ வந்திருக்கிறது. தோட்டக்காரரின் கூடையில் சில வாரம் கத்திரி இருக்காது. கீரையும் சுரைக்காயும் மட்டும் இருக்கும். அது நல்ல அறிகுறி.

மூணாவது ஒரு கேள்வி. 'கத்திரிக்காய்ப் புழுவுக்கு என்ன பண்றீங்கண்ணா?' என்று கேளுங்க. நிஜமாகவே செய்கிறவர் தயங்காமல் சொல்வார். வாடின குருத்தைக் கிள்ளி அழிப்போம், இனக்கவர்ச்சிப் பொறி வெச்சிருக்கோம், 100 லிட்டர் தண்ணிக்கு 5 கிலோ வேப்பங்கொட்டை இடிச்சு ஊறவெச்சு அடிக்கிறோம் என்பார். அப்படியும் கொஞ்சம் சொத்தை வரும் என்று அவரே ஒப்புக்கொள்வார். 'ஒண்ணுமே அடிக்கிறதில்ல, புழுவே வராது' என்ற பதில் வந்தால் சந்தேகப்படுங்க. அதற்காகக் காயில் ஓட்டை இருந்தாலே ஆர்கானிக் என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. மருந்து அடித்த காயிலும் ஓட்டை இருக்கும்.

உழவர் சந்தையில் விற்பது எல்லாமே இயற்கை விளைச்சல் கிடையாது. ஆனால் விளைவித்தவரையே நேரில் பார்த்து இந்தக் கேள்வியைக் கேட்க முடியும் என்பது அங்கே பெரிய வசதி. ஒருவரைப் பிடித்து, 'வாராவாரம் இவ்வளவு எடுத்துக்கிறேன்' என்று சொல்லிவைத்தால் விலையும் குறையலாம். ஆர்கானிக் கடை விலையில், சாயந்தரம் வாடிப்போய்த் தூக்கிப் போடும் கீரையின் காசும் சேர்ந்திருக்கிறது. முன்கூட்டியே சொல்லிவைத்த கீரை வாடாது.

கழுவினா போயிடுமா?

பாதி போகும். மேல்தோலில் படிந்திருப்பது ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவினால் பெருமளவு குறையும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகம் 2017-ல் ஆப்பிளை வைத்துச் செய்த சோதனையில், சமையல் சோடா கரைத்த தண்ணீரில் 12 முதல் 15 நிமிடம் ஊறவைத்தபோது மேற்பரப்பில் இருந்த இரண்டு மருந்துகள் நீங்கின. ஆனால் தோலுக்குள் இறங்கிவிட்ட மருந்து அப்படியேதான் இருந்தது. செடி உறிஞ்சிக்கொள்ளும் வகை மருந்துகளைக் கழுவி எடுக்க முடியாது. கத்திரி, வெண்டையை மாற்றச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். ஆர்கானிக் கீரையையும் கழுவித்தான் ஆகணும். அதில் மருந்து இல்லாவிட்டாலும் சாணமும் மண்ணும் உண்டு.

உங்கள் தட்டுக்கு வரும் எச்சம் துளி. மருந்தை முதுகில் சுமந்து, முகமூடி இல்லாமல் தெளிக்கிறவர் மேல் படுவது ரொம்ப அதிகம். 2017-ல் மகாராஷ்டிராவின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்து தெளித்த விவசாயிகளும் கூலியாட்களும் இருபது பேர் வரை இறந்துபோனார்கள். நீங்கள் கொடுக்கும் 500 ரூபாயில் அப்படி ஒருவரின் பாதுகாப்பும் அடங்கியிருக்கிறது. ஆனால் அந்தக் காசு நிஜமாகவே மருந்து அடிக்காதவரிடம் போய்ச் சேர்ந்தால்தான் அதற்கு அர்த்தம்.

அப்படி ஒருவர் உங்கள் பக்கத்தில் கிடைக்கிறாரா? கத்திரி, வெண்டை, மிளகாய், கீரையை அவரிடம் வாங்குங்க. மற்றதைச் சாதாரணக் கடையிலேயே வாங்கலாம். கிடைக்கவில்லையா? இரண்டு தொட்டி வைங்க, காயை நல்லா கழுவுங்க, ஒரே காயையே தினமும் சமைக்காமல் மாற்றி மாற்றிச் சமைங்க. மிச்சக் காசுக்கு இன்னும் மூணு கிலோ காய் சேர்த்து வாங்குங்க.