உப்புசம் என்னும் பொய்ப்பெயர்

ஆழ்ந்த மார்புள்ள நாய்களைச் சில மணி நேரத்தில் கொன்றுவிடும் ஒரு நிலைக்கு ஆங்கிலப் பேச்சுவழக்கில் ‘ப்ளோட்’ என்று பெயர். தமிழில் அது வயிற்று உப்புசம் ஆகிவிடுகிறது. உப்புசம் என்றதும் ஓமநீர் நினைவுக்கு வருகிறது. விடிந்தால் சரியாகிவிடும் என்னும் எண்ணமும் உடன் வருகிறது. ஆனால், கால்நடை மருத்துவம் இதற்கு இட்டிருக்கும் முழுப்பெயரின் பொருள் ‘இரைப்பை விரிவும் முறுக்கமும்’ என்பதாகும். இவ்விரண்டில் பெரும்பாலும் உயிரைப் பறிப்பது முறுக்கம். பேச்சுவழக்கில் உதிர்ந்துபோன சொல்லும் அதுவே.

கிரேட் டேன், ஜெர்மன் ஷெப்பர்ட், டாபர்மேன் போன்ற இனங்களின் மார்புக்கூடு குறுகலாகவும் ஆழமாகவும் அமைந்திருக்கிறது. அதனுள் காற்றால் விரியும் இரைப்பை தன் அச்சிலேயே சுழன்றுவிடக்கூடும். அப்போது மேலே உணவுக்குழாயும் கீழே சிறுகுடலுக்குச் செல்லும் வாயிலும் ஒருங்கே அடைபடுகின்றன. காற்று ஏப்பமாகவும் வெளியேற முடியாது, கீழேயும் இறங்க முடியாது. ஊதிய இரைப்பை, உடலின் பின்பகுதியிலிருந்து இதயத்துக்கு இரத்தத்தைக் கொண்டுவரும் பெருஞ்சிரையை நசுக்குகிறது. இதயத்துக்கு வந்து சேரும் இரத்தம் குறைகிறது. இரத்த அழுத்தம் சரிகிறது. அதே வேளையில் இரைப்பையின் சுவரும் இரத்தமின்றி அழுகத் தொடங்குகிறது. ஆகவே இது செரிமானக் கோளாறாகத் தொடங்கினாலும் இரத்த ஓட்டத்தின் வீழ்ச்சியாகவே முடிகிறது.

புனே நகரத்து அடுக்ககம் ஒன்றில் ஆறு வயது கிரேட் டேன் இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். அதற்கு ஒரு நாளைக்கு ஒரே வேளை உணவு. இரவு ஒன்பது மணிக்கு அதை அள்ளி விழுங்குகிறது. பதினொரு மணிக்கு நிலைகொள்ளாமல் அறைக்கு அறை நடக்கிறது. விலாப்புறத்தைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறது. வாயில் எச்சில் ஒழுகுகிறது. பிறகு ஓங்கரிக்கிறது. உடல் முழுவதும் குலுங்குகிறது, ஆனால் உணவு வெளிவருவதில்லை. சிறிது நுரை மட்டும் வருகிறது. வீட்டார் வயிற்றைத் தொட்டுப் பார்க்கிறார்கள். பெரிய வீக்கம் தெரியாததால் செரிமான மருந்தைப் புகட்டுகிறார்கள். இரண்டு மணிக்கு நாய் ஓய்ந்து படுத்துவிடுகிறது. வலி தணிந்தது என்று எண்ணி வீடும் உறங்கப் போகிறது.

இந்த இரவில் நேர்ந்த பிழைகள் மூன்று. முதலாவது, வீக்கத்தைத் தேடியது. ஆழ்ந்த மார்புள்ள நாயின் இரைப்பை பெருமளவு விலா எலும்புகளுக்குள் மறைந்திருப்பதால் தொடக்கத்தில் வயிறு புடைத்துத் தெரியாமலே போகலாம். எதுவும் வெளிவராத ஓங்கரிப்பே முதன்மையான அடையாளம். இரண்டாவது, வாய்வழி மருந்து. முறுக்கிக்கொண்ட வாயிலைக் கடந்து அது இரைப்பையை அடைய வழியில்லை. மூன்றாவது, நாயின் அமைதியைத் தேற்றமாகக் கொண்டது. ஈறு வெளுத்து, நாடி விரைந்து மெலிந்து, நாய் தளர்ந்து கிடந்தால், அது தேறவில்லை. அதிர்ச்சி நிலைக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது.

மருத்துவர் செய்வது இன்னது என்று அறிந்தால் வீட்டில் காத்திருப்பதன் பொருளின்மை விளங்கும். சிரை வழியே விரைவாக நீர்மம் செலுத்தி இரத்த ஓட்டத்தை நிமிர்த்த வேண்டும். குழாயினாலோ ஊசியினாலோ காற்றை வெளியேற்ற வேண்டும். எக்ஸ்ரேயில் முறுக்கம் தெரிந்தால் வயிற்றைத் திறந்து இரைப்பையைத் திருப்ப வேண்டும். அழுகிய பகுதி இருந்தால் அதை நீக்கி, மீண்டும் சுழலாதபடி இரைப்பையை வயிற்றுச் சுவரோடு தைக்க வேண்டும். இவற்றில் ஒன்றையும் வீட்டில் செய்ய இயலாது. காற்றை வெளியேற்றியதும் நாய் எழுந்து நின்றாலும் முறுக்கம் அவிழ்ந்துவிட்டதாகக் கொள்ள முடியாது.

அந்தத் தையலை, ஆபத்து வருமுன்னரே, கருத்தடை அறுவையின்போது சேர்த்துச் செய்துகொள்ளலாம். பிறகும் வயிறு காற்றால் விரியக்கூடும். ஆனால் இரைப்பை சுழல்வது மிக அரிதாகும். உணவை இரண்டு மூன்று வேளைகளாகப் பிரித்துக் கொடுப்பதும், விரைந்து விழுங்குவதைத் தடுப்பதும் அபாயத்தைக் குறைக்க உதவக்கூடும், முற்றிலும் நீக்கிவிடா. பெற்றோருக்கோ உடன்பிறந்த குட்டிகளுக்கோ இது வந்திருந்தால் அபாயம் கூடுகிறது. எனவே கிரேட் டேன் குட்டியை விற்பவர் தடுப்பூசி அட்டையோடு இந்தச் செய்தியையும் சேர்த்துக் கொடுக்கக் கடமைப்பட்டவர். வாங்குபவரும் தம் நகரில் நள்ளிரவில் எக்ஸ்ரே எடுத்து அறுவை செய்யும் மருத்துவமனை எது என்பதைக் குட்டி வீட்டுக்கு வரும் நாளிலேயே விசாரித்து எழுதி வைக்க வேண்டும். ஓங்கரிப்பு தொடங்கிய பின் அதைத் தேடப் பொழுதிராது.

இதை ‘இரைப்பை முறுக்கம்’ என்றே தமிழில் வழங்குவது நல்லது. உப்புசம் என்று கேட்பவர் விடியலுக்குக் காத்திருப்பார். முறுக்கம் என்று கேட்பவர் வண்டிச் சாவியைத் தேடுவார்.