வினைமுற்று இல்லாத வாக்கியம் பிழையா?

எழுவாயும் வினைச்சொல்லும் இல்லாமல் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் எழுதினால், அதைச் சுற்றிச் சிவப்புப் பேனையால் ஒரு வட்டம் விழும். அந்த விதியை அப்படியே தமிழ்க் கட்டுரைக்கும் கொண்டுவந்து, வினைச்சொல் இல்லாத வாக்கியமெல்லாம் பிழை என்று நம்மில் பலர் நினைக்கிறோம். இன்னொரு சாரார், "சிறுகதைகளில் வருகிறதே" என்று சொல்லி, பாதியில் நின்ற எதையும் நடை என்கிறார்கள். இரண்டு பக்கமும் எனக்கு உடன்பாடில்லை.

"இவர் என் வாப்பா." இதில் வினைச்சொல் இல்லை. ஆனாலும் குறையேதும் இல்லை. 'வாப்பா' என்ற பெயர்ச்சொல்லே இங்கே பயனிலை. நமது இலக்கணம் பயனிலையை வினைப் பயனிலை, பெயர்ப் பயனிலை, வினாப் பயனிலை என மூன்றாகச் சொல்கிறது. "நாளை வருகிறேன்" என்பதில் எழுவாய் வெளியே தெரியாவிட்டாலும், 'ஏன்' என்ற விகுதியே 'நான்' என்பதைச் சொல்லிவிடுகிறது. அது தோன்றா எழுவாய். ஆகவே ஆங்கிலத்தின் அளவுகோல் இங்கே பொருந்தாது.

தமிழில் எது குறை என்பதைப் பெயரே சொல்கிறது. முடிந்த வினை முற்று. முடியாமல் எஞ்சி நிற்பது எச்சம். ஓலைச்சுவடிகளில் இன்று நாம் இடும் முற்றுப்புள்ளி கிடையாது. வாக்கியம் முடிந்ததா என்பதைச் சொற்களின் வடிவைக் கொண்டே வாசிப்பவர் அறிந்தார். யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் (1822–1879) போன்றோர் அச்சில் நிறுத்தக்குறிகளைக் கையாண்ட பிறகே நமக்குப் புள்ளி வைத்து நிறுத்தும் வசதி கிடைத்தது. அந்த வசதியில்தான் சிக்கலும் வந்தது. எச்சத்தின் பின்னாலும் ஒரு புள்ளியை வைத்துவிடலாம் அல்லவா?

ஒரு பந்தியை எடுத்துப் பார்ப்போம்.

"வெள்ளவத்தையில் அடைமழை. காலி வீதியெங்கும் வெள்ளம். பாடசாலை விட்ட பிள்ளைகள் கடையோரங்களில் ஒதுங்கியபடி. பஸ்கள் வராததால்."

முதல் இரண்டிலும் வினை இல்லை. ஆனால் மழை பெய்கிறது, வெள்ளம் நிற்கிறது என்பதை எவரும் தாமே நிரப்பிக்கொள்வர். வினையை எழுதினால் காட்சி மெதுவாகிவிடும். மூன்றாவது எச்சம். 'நிற்கிறார்கள்' என்ற ஒரே சொல்தான் அங்கே பொருந்தும் என்பதால் வர்ணனைக் கட்டுரையில் அதை ஏற்கலாம். பந்திக்கு ஒன்று போதும். நான்காவதுதான் பிழை. வராததால் என்ன? காரணம் முன்னும் விளைவு பின்னும் வருவதே தமிழ் எழுத்தின் இயல்பு. பேச்சில் நாம் காரணத்தைப் பின்னால் ஒட்டுவோம், குரல் அதை இணைத்துவிடும். தாளில் முற்றுப்புள்ளி அதை வெட்டிவிடுகிறது. "பஸ்கள் வராததால் பிள்ளைகள் கடையோரங்களில் ஒதுங்கி நிற்கிறார்கள்" என்று எழுதினால் முடிந்தது.

வீட்டில் பிள்ளைகளின் கட்டுரையைப் பார்க்கும் உம்மாமாருக்கு ஓர் எளிய வழி உண்டு: சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். முற்றில் குரல் இறங்கும். தவறான இடத்தில் புள்ளி இருந்தால் குரல் இறங்காமல் அடுத்த சொல்லுக்காகக் காத்து நிற்கும்.

வர்ணனையில் இந்தக் குறையால் பெரிய நட்டமில்லை. கருத்துக் கட்டுரையில் உண்டு. கைக்கூலியைப் பற்றி நாம் வழக்கமாக எழுதுவது இப்படி இருக்கும்:

"கைக்கூலி. எத்தனை குமர்களின் கண்ணீர். எத்தனை வாப்பாமாரின் கடன்."

வாசிக்க உருக்கமாகத்தான் இருக்கிறது, மேடையில் கைதட்டலும் கிடைக்கும். ஆனால் தமிழில் வினைமுற்று செயலோடு காலத்தையும், யார் செய்தார் என்பதையும் சேர்த்தே சுமக்கிறது. 'கேட்டான்', 'கேட்டார்கள்', 'கேட்டோம்' ஆகிய மூன்றிலும் குற்றவாளி வேறு. முற்றை வெட்டினால் அந்த ஆளும் சேர்ந்து மறைந்துவிடுகிறார். மேலே உள்ள மூன்று வரிகளிலும் கேட்டவர் இல்லை, கொடுத்தவர் இல்லை, எப்போது என்பதும் இல்லை. கண்ணீர் மட்டும் எங்கிருந்தோ வந்ததுபோல் கிடக்கிறது. இலக்கணப்படி அவற்றை மன்னித்தாலும், கருத்துக் கட்டுரையில் நான் மன்னிக்கமாட்டேன். முற்றோடு எழுதினால் இப்படி வரும்:

"மாப்பிள்ளை வீட்டார் வீடும் காசும் கேட்கிறார்கள். பெண்ணைப் பெற்றவர்கள் கடன்பட்டுக் கொடுக்கிறார்கள். கொடுத்தவர்களே, மகனுக்குப் பெண் பார்க்கும்போது, கேட்கிறார்கள். இதை அறிந்தும் நாங்கள் கலியாணச் சோறு தின்றுவிட்டு வருகிறோம்."

கடைசி வாக்கியத்தின் 'ஓம்' எழுதுபவளையும் உள்ளே இழுத்துவிடுகிறது. அதை எழுதச் சங்கடமாக இருப்பதால்தான் பலர் "எத்தனை கண்ணீர்" என்று நிறுத்திவிடுகிறார்கள் என்பது என் சந்தேகம்.

இந்த நான்கு வாக்கியங்களுக்குப் பிறகு ஓர் அரைவாக்கியம் வரலாம். "கடன் அடைய இன்னும் ஏழு வருடம்." கேட்டவர், கொடுத்தவர் எல்லாரும் ஏற்கெனவே பந்தியில் நிற்கிறார்கள். இங்கே வினை இல்லாததால் எவரும் தப்பவில்லை.