நூற்றைம்பது பெட்டி, ஒரே ஆர்டர்

இந்த ஆண்டு தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. இன்றிலிருந்து சரியாகப் பத்து வாரம். வீட்டில் பலகாரம் செய்து விற்பவர்களுக்கு அவசரம் தொடங்க இன்னும் நாள் இருக்கிறது. ஆனால் கம்பெனிகளுக்கு அன்பளிப்புப் பெட்டி விற்க நினைப்பவர்களுக்கு வேலை இப்போதே தொடங்கிவிட்டது. பணியாளருக்கும் வாடிக்கையாளருக்கும் என்ன தருவது, எவ்வளவு ஒதுக்குவது என்று பல அலுவலகங்கள் செப்டம்பரிலேயே முடிவு செய்துவிடும். அக்டோபரில் மாதிரிப் பெட்டியோடு போய் நின்றால், "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்ற பதில்தான் கிடைக்கும்.

சிறு வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். கிள்ளானில் நான் கணக்குப் பார்க்கும் ஓர் அக்காவுக்குப் போன வருஷம் முதல் பெரிய ஆர்டர் வந்தது. ஒரு கம்பெனிக்கு நூற்றைம்பது பெட்டி; 110 பணியாளருக்கு, 40 வாடிக்கையாளருக்கு. அவர் சம்மதத்தோடு அந்தக் கணக்கை இங்கே விரிக்கிறேன். "பேரை மட்டும் போடாதீங்க தம்பி, மற்றதெல்லாம் எழுதுங்க" என்றார்.

பெட்டிக்குள் ஒரு போத்தல் முறுக்கு, ஒரு போத்தல் ஓமப்பொடி, பன்னிரண்டு நெய் உருண்டை, வறுத்த முந்திரி, ஒரு அகல்விளக்கு. பொருளுக்கும் அட்டைப்பெட்டிக்கும் 36 ரிங்கிட். உதவிக்கு வந்த இரண்டு பெண்களின் கூலியைப் பங்கிட்டால் பெட்டிக்கு 4 ரிங்கிட். ஆக மொத்தம் 40. அக்கா சொன்ன விலை 55. பெட்டிக்கு 15 வீதம் 2,250 ரிங்கிட் நிற்க வேண்டும்.

கம்பெனி அதிகாரி முதலில் கேட்டது, மொத்தமாக வாங்குவதால் பத்து விழுக்காடு கழிவு. கேட்பது அவர் வேலை. அக்கா உடனே தலையாட்டிவிட்டார். விலை 49.50 ஆனது, அந்த ஒரு தலையாட்டலில் 825 ரிங்கிட் போனது. பிறகுதான் தெரிந்தது, வாடிக்கையாளரின் 40 பெட்டிகளும் 40 முகவரிகளுக்குப் போக வேண்டும் என்பது. ஒன்றுக்கு 12 ரிங்கிட் என்று அனுப்பும் செலவு 480. மிஞ்சியது 945. பெட்டிக்கு ஆறு ரிங்கிட் சொச்சம். அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து மாவு பிசைந்த அக்காவின் உழைப்புக்கு அதில் சம்பளம் தனியாக இல்லை.

இதைவிடப் பெரிய அடி பணம் வந்த தேதி. பெரிய கம்பெனிகள் இன்வாய்ஸ் கிடைத்து முப்பது நாள், அறுபது நாள் கழித்துப் பணம் தருவது வழக்கம். இது ஏமாற்று அல்ல, அவர்களின் நடைமுறை. இங்கே அறுபது நாள். அக்டோபர் 10ஆம் தேதி பெட்டிகள் போய்ச் சேர்ந்தன, பணம் டிசம்பரில் வந்தது. கையிலிருந்து போட்ட 6,000 ரிங்கிட்டும் அதுவரை முடங்கிக் கிடந்தது. நெய்யும் முந்திரியும் வாங்கக் காசில்லாமல், வருஷா வருஷம் வாங்கும் வீட்டு வாடிக்கையாளர் சிலரை அக்கா திருப்பி அனுப்பினார். ஒரு வளையலும் அடகுக்குப் போனது.

இனி, அதே ஆர்டரை எப்படி எழுதியிருக்கலாம் என்று பார்ப்போம்.

கழிவு கேட்டால் கொடுக்கலாம். எதிலிருந்து கொடுப்பது என்பதுதான் கேள்வி. எண்ணிக்கை கூடும்போது எது மலிவாகிறது? அட்டைப்பெட்டி மலிவாகிறது. முப்பது வாங்கும்போது 6 ரிங்கிட்டாக இருந்த பெட்டி நூற்றைம்பது எடுத்தால் 4.50க்குக் கிடைத்தது. முறுக்கு மலிவாகாது. ஒரு பெண் ஒரு நாளில் பிழியும் முறுக்கு அவ்வளவுதான். எண்ணிக்கை கூடினால் இன்னும் ஒருவரைக் கூலிக்கு வைக்க வேண்டும். ஆகவே கொடுக்கக்கூடிய கழிவு பெட்டிக்கு 1.50, விலை 53.50. லாபம் அதே 15 ரிங்கிட். அதற்குமேல் கேட்டால் விலையைக் குறைக்காமல் பொருளைக் குறைக்கலாம். முந்திரிக்குப் பதில் கச்சான் போடலாம்.

அனுப்பும் செலவைத் தனி வரியாகப் போட வேண்டும். "ஒரே முகவரிக்கு இலவசம், தனித்தனி முகவரிக்குத் தலா 12 ரிங்கிட்" என்று விலைப்புள்ளியிலேயே எழுதிவிட்டால் பிறகு பேச்சே இல்லை. அந்த 40 முகவரிகளையும் எந்தத் தேதிக்குள் தர வேண்டும் என்பதையும் எழுதுங்கள். கடைசி வாரத்தில் கூரியர் லாரிக்குள் பொரித்த பலகாரம் நாள்கணக்கில் வெந்து கிடந்தால், திறக்கும்போதே எண்ணெய்ச் சிக்கு வாடை முகத்தில் அடிக்கும். நெய் உருண்டை உதிர்ந்து மாவாகிவிடும்.

பிறகு முன்பணம். பெர்ச்சஸ் ஆர்டர் வந்ததும் பாதி, பெட்டிகள் கைமாறி முப்பது நாளில் மீதி. 53.50 வீதம் மொத்தம் 8,025 ரிங்கிட், பாதி என்றால் 4,012.50. பொருளும் கூலியும் சேர்ந்த 5,775இல் பெரும்பகுதி அதிலேயே வந்துவிடும். சில கம்பெனிகள் முன்பணம் தரவே மாட்டார்கள். அப்படியானால் எண்ணிக்கையை நம் கைக்காசு தாங்கும் அளவுக்குக் குறைத்து ஒப்புக்கொள்வது நல்லது. ஐம்பது பெட்டி ஆர்டர் கௌரவக் குறைவு அல்ல.

கம்பெனி கேட்கும் தாள்களும் தயாராக இருக்க வேண்டும். எஸ்எஸ்எம் பதிவு, அதே பெயரில் வங்கிக் கணக்கு, இன்வாய்ஸ். பணியாளர் பெட்டிகளையும் வாடிக்கையாளர் பெட்டிகளையும் இரண்டு வரியாகப் பிரித்து எழுதிக் கொடுங்கள். வருமான வரிக் கணக்கில் பணியாளருக்கான உபசரிப்புச் செலவை நிறுவனம் முழுதாகக் கழிக்கலாம், வாடிக்கையாளருக்கானதில் பொதுவாகப் பாதிதான் கழிக்க முடியும். பிரித்துத் தரும் வியாபாரியை அவர்களின் கணக்குப் பிரிவு மறக்காது.

ஹலால் பற்றியும் கட்டாயம் கேட்பார்கள். பெட்டி வாங்கும் பணியாளரில் மலாய்க்காரர்களும் இருப்பார்கள். "நம்ம பலகாரம் சைவம்தானே" என்று நினைத்துப் பெட்டியில் நாமே ஹலால் என்று அச்சடித்துவிடக் கூடாது. ஜாக்கிம் அல்லது மாநில சமய மன்றத்தின் சான்றிதழ் இல்லாமல் அந்தச் சொல்லைப் போடுவது சட்டப்படி குற்றம். சான்றிதழ் இல்லை என்று நேராகச் சொல்லிவிட்டு, பொருள் பட்டியலை முழுதாக எழுதிக் கொடுங்கள். கம்பெனி பிடிவாதமாக இருந்தால், அந்தப் பெட்டிகளில் ஹலால் முத்திரையுள்ள தொழிற்சாலைப் பலகாரங்களை வைக்கலாம். அப்போதும் அந்தந்தப் பொட்டலத்தின் முத்திரை அந்தந்தப் பொட்டலத்துக்குத்தான், பெட்டிக்கு அல்ல.

கடைசியாக, கொண்டுபோய்க் கொடுக்கும் நாள். தீபாவளிக்கு முந்தைய வாரம் பாதி அலுவலகம் லீவில் ஊருக்குப் போயிருக்கும். ஆள் இல்லாத மேசைகளில் பெட்டி கிடந்து எறும்பு ஏறும். இந்த வருஷம் அக்டோபர் 28, 29 வாக்கில் கொடுத்துவிடுவது சரியாக இருக்கும். அதிலிருந்து பின்னோக்கி எண்ணினால் பொரிப்பதற்கு ஒரு வாரம், அட்டைப்பெட்டி அச்சாகி வர மூன்று வாரம். செப்டம்பர் கடைசிக்குள் பெர்ச்சஸ் ஆர்டர் கையில் இருக்க வேண்டும்.

அக்கா இந்த முறை மாதிரிப் பெட்டியைப் போன வாரமே நான்கு கம்பெனிகளுக்குக் கொடுத்துவிட்டார். போன வருஷ அதிகாரியும் அதில் ஒருவர். "பத்து விழுக்காடு உண்டுதானே" என்று கேட்டாராம். அட்டைப்பெட்டிக் கடையின் விலைச் சீட்டை எடுத்துக் காட்டினாராம் அக்கா.