ஐந்து லட்சத்தில் நின்ற கடிகாரம்

ஆட்குறைப்பில் வேலையிழக்கும் தொழிலாளியின் இழப்பீட்டுக்கு வருமான வரி விலக்கு உண்டு. ஆனால் முழுவதற்கும் அல்ல. கைக்கு வந்த தொகை, தொழிலாளர் சட்டக் கணக்குப்படி ஆண்டுக்கு 15 நாள் சராசரி ஊதியம், 5 லட்சம் ரூபாய் ஆகிய மூன்றில் எது குறைவோ அதற்குத்தான் விலக்கு.

20 ஆண்டு உழைத்தவரின் 15 நாள் ஊதியம் 20,000 ரூபாய் என்று வையுங்கள். நிறுவனம் 9 லட்சம் கொடுத்தாலும் 4 லட்சத்துக்கே விலக்கு. மீதி 5 லட்சம் அந்த ஆண்டுச் சம்பளத்தோடு சேர்ந்து வரிக்குள் வரும். சட்டத்தின் பார்வையில் ‘தொழிலாளி’ அல்லாத மேலாளருக்கு இந்தச் சலுகையும் இல்லை. மென்பொருள் நிறுவனங்களில் வெளியேற்றப்படும் பலர் இங்கேதான் சிக்குகிறார்கள்.

விருப்ப ஓய்வுக்கும் உச்சவரம்பு அதே 5 லட்சம்தான். அதுவும் வாழ்நாளில் ஒரே முறை.

ஆட்குறைப்புக்கான வரம்பு 1997 முதல் அசையவில்லை. தனியார் ஊழியரின் விடுப்பு ஊதியத்துக்கான வரம்போ 2023இல் 3 லட்சத்திலிருந்து 25 லட்சமானது. எடுக்காத விடுப்புக்குக் காட்டிய பரிவை இழந்த வேலைக்கு ஏன் காட்டவில்லை? நிதியமைச்சகம் ஆட்குறைப்பு, விருப்ப ஓய்வு ஆகிய இரண்டின் வரம்புகளையும் உயர்த்த வேண்டும். மேலாளர், தொழிலாளி என்ற பாகுபாட்டையும் நீக்க வேண்டும்.