திரை ரூபாவில் கேட்டால் யூரோவை அமத்துங்கோ

இறுதி வருடம் வந்தால் கம்பஸில் பாதிப் பேர் வெளிநாட்டு மாஸ்டர்ஸுக்கு விண்ணப்பம் போடத் தொடங்கிவிடுவோம். விண்ணப்பக் கட்டணம் 75 யூரோ என்று வைத்துக்கொள்ளுவோம். காட் இலக்கத்தை அடித்து முடித்ததும் கட்டணப் பக்கம் திடீரென்று எங்களோடு சொந்தம் கொண்டாடும். "Pay in LKR" என்று ஒரு பெட்டி, அதற்குப் பக்கத்தில் ரூபாத் தொகை. கீழே கொஞ்சம் மங்கலாக "Pay in EUR". ரூபாப் பெட்டியில் பெரும்பாலும் ஏற்கெனவே சரி அடையாளம் போட்டிருக்கும்.

நாங்கள் இலங்கைக்காரர் என்று அதுக்கு எப்படித் தெரியும்? காட் இலக்கத்தின் முதல் ஆறு அல்லது எட்டு இலக்கங்கள், அந்தக் காட்டை எந்த நாட்டில் எந்த வங்கி கொடுத்தது என்று சொல்லிவிடும். அதைப் பார்த்துத்தான் ரூபா எட்டிப் பார்க்கிறது. இதுக்குப் பெயர் டைனமிக் கரன்சி கன்வெர்ஷன். ஐரோப்பிய ஏடிஎம்களிலும் விமான நிலையக் கடைகளிலும் ஹோட்டல் காட் மெஷின்களிலும் இதே கேள்விதான் வேறு வேறு வடிவத்தில் வரும்.

ரூபாத் தொகையைப் பார்த்ததும் மனதுக்கு ஒரு நிம்மதி வரும். எவ்வளவு போகப்போகிறது என்று இப்பவே தெரிகிறதே, யூரோவில் கட்டினால் பிறகு வங்கி என்ன கணக்குப் போடுமோ என்ற பயம். அந்த நிம்மதிக்குத்தான் விலை வைத்திருக்கிறார்கள் என்பது எங்கட கருத்து. அது மலிவான விலையும் இல்லை.

எங்கட கணக்கில் இருப்பது ரூபா, பல்கலைக்கழகத்துக்கு வேண்டியது யூரோ. இடையில் யாரோ ஒருவர் மாற்றித்தான் ஆகவேண்டும். யூரோவை அமத்தினால் அந்த வேலை எங்கட பக்கத்தில் நடக்கும். விசா அல்லது மாஸ்டர்காட் தன்னுடைய அன்றைய வீதத்தில் மாற்றும், அதற்கு மேல் எங்கட வங்கி தன்னுடைய கட்டணத்தைச் சேர்க்கும். ரூபாவை அமத்தினால் அது கடைக்காரரின் பக்கத்தில் நடக்கும். கடைக்காக காட் பணத்தை வாங்கும் வங்கியும், அதோடு சேர்ந்து நாணயம் மாற்றித் தரும் நிறுவனமும் தாங்களே ஒரு வீதத்தை நிர்ணயிக்கும். சந்தை வீதத்துக்கு மேலே அவர்கள் வைக்கிற மேலதிகத்தில் கடைக்கும் ஒரு பங்கு போகும். அதனால்தான் அந்தப் பெட்டி அவ்வளவு பெரிதாக, அவ்வளவு அன்பாக இருக்கிறது. எங்கட வங்கி ஒன்றும் தர்மஸ்தாபனம் இல்லைதான். ஆனால் அதன் கட்டணப் பட்டியலை முன்கூட்டியே பார்க்கலாம், விசாவின் வீதத்தையும் மாஸ்டர்காட்டின் வீதத்தையும் அவர்களுடைய தளங்களில் யாரும் பார்க்கலாம். கடைப்பக்க வீதத்தை அந்தத் திரை வரும் வரைக்கும் பார்க்க முடியாது.

இனிக் கணக்கைப் பார்ப்பம். சுலபத்துக்காக ஒரு யூரோ 350 ரூபா என்று எடுப்போம். 75 யூரோ என்றால் 26,250 ரூபா. எங்கட வங்கி வெளிநாட்டு நாணயக் கொடுப்பனவுக்கு 3 சதவீதம் சேர்க்கிறது என்றால் 787 ரூபா கூடி, கிட்டத்தட்ட 27,040 ரூபா போகும். திரையில் வந்த ரூபாத் தொகை 27,825 என்று வைப்போம். அதை 75ஆல் பிரித்தால் ஒரு யூரோ 371 ரூபா, அதாவது 6 சதவீதம் மேலே. 3 முதல் 7 சதவீதம் வரை வைப்பது சாதாரணம், அதைவிடக் கூடவும் வைக்கிற இடங்கள் உண்டு. வித்தியாசம் 780 ரூபாவுக்குக் கொஞ்சம் மேலே. கம்பஸ் கன்ரீனில் அது இரண்டு மூன்று நாள் சாப்பாடு.

கதை அதோடு முடிவதும் இல்லை. ரூபாவில் கட்டினாலும் கடை வெளிநாட்டில் இருக்கிறது. அதனால் "இது எல்லை தாண்டிய கொடுப்பனவு" என்று சொல்லி எங்கட வங்கியும் தனியாக ஒரு கட்டணம் எடுக்க இடமிருக்கிறது. அது 1 சதவீதம் என்றாலும் இன்னொரு 278 ரூபா. இப்போது மொத்தம் 28,100 ரூபாவைத் தாண்டிவிட்டது. ஒரே விண்ணப்பத்துக்கு ஆயிரத்துச் சொச்சம் கூட. நாலு இடத்துக்கு விண்ணப்பிக்கிற ஆளுக்கு 4,000க்கு மேலே. திரையில் "No fees" என்று எழுதியிருந்திருக்கும், அதுவும் பொய் இல்லை. கட்டணம் என்ற பெயரில் எதுவும் எடுக்கவில்லை, எல்லாம் வீதத்துக்குள்ளேயே இருக்கிறது.

ஆகவே திரை வந்ததும் செய்யவேண்டியது ஒரே ஒரு பிரித்தல் கணக்கு. ரூபாத் தொகையை யூரோத் தொகையால் பிரியுங்கோ. வருகிற எண்ணை அன்றைய விசா அல்லது மாஸ்டர்காட் வீதத்தோடு ஒப்பிட்டு, எத்தனை சதவீதம் கூட என்று பாருங்கோ. அது உங்கட வங்கி எடுப்பதைவிடக் கூட என்றால் யூரோதான். வங்கியின் சதவீதத்தைத் தெரிந்துகொள்ள, அதன் தளத்தில் காட் கட்டணப் பட்டியலைத் திறந்து வெளிநாட்டு நாணயக் கொடுப்பனவுக்கான வரியைத் தேடினால் போதும். ஒருமுறை பார்த்துக் குறித்துவைத்தால் காட் மாறும் வரைக்கும் பெரும்பாலும் அதே கணக்குத்தான்.

சில தளங்கள் இலங்கைக் காட்டைக் கண்டால் ரூபாவுக்குப் பதிலாக டொலரைக் காட்டும். பவுண்டில் விலை போட்ட புத்தகம், யூரோவில் விலை போட்ட கட்டணம், எதுவாக இருந்தாலும் "USD" என்று ஒரு தெரிவு வரும். டொலர் என்றால் உலகம் முழுக்கச் செல்லும், அதில் கட்டினால் பாதுகாப்பு என்று எங்களில் கனபேர் நினைக்கிறோம். உண்மையில் இதுதான் எல்லாவற்றிலும் மோசம். அது கடையின் நாணயமும் இல்லை, எங்கட நாணயமும் இல்லை. யூரோவை டொலராக்கும்போது தளம் 4 சதவீதம் எடுத்து, டொலரை ரூபாவாக்கும்போது வங்கி 3 சதவீதம் எடுத்தால், அதே 75 யூரோவுக்கு 28,119 ரூபா. கடை எந்த நாணயத்தில் விலை போட்டதோ அதில் கட்டினால் மாற்றம் ஒருமுறைதான்.

எப்போதும் இப்படியா என்று கேட்டால், இல்லை. வங்கி எடுப்பது 5 சதவீதம், திரை எடுப்பது 3 சதவீதம் என்றால் ரூபாதான் மலிவு. எல்லை தாண்டிய கட்டணம் இருந்தால் அதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும், அவ்வளவுதான். அதேபோல் ஒரு செயலியோ சந்தாவோ இலங்கைக்கென்றே ரூபாவில் தனி விலை வைத்திருந்தால் அது இந்த வியாபாரமே இல்லை. பிரித்தறிவது சுலபம். தனி விலை என்றால் ரூபா மட்டும்தான் நிற்கும், மாற்று வீதம் என்று எதுவும் இருக்காது. நாணயமாற்று என்றால் இரண்டு தொகையும் இடையில் ஒரு வீதமும் எங்கேயாவது பொடி எழுத்தில் கிடக்கும்.

இன்னொன்று 2022 மாதிரியான காலம். காட் நிறுவனம் பயன்படுத்துவது எப்போதும் நாங்கள் பொத்தானை அமத்துகிற நேரத்து வீதமாக இருக்காது. கொடுப்பனவு ஒன்றிரண்டு நாள் கழித்து முடிவாகும்போது உள்ள வீதமாகவும் இருக்கலாம். அந்த வருடம் மார்ச்சில் ரூபாவை மிதக்க விட்ட பிறகு, 200 ரூபாச் சொச்சமாக இருந்த டொலர் மே மாதம் 360 வரை போனது. அந்தக் கிழமைகளில் ரூபாத் தொகையை அங்கேயே பூட்டிக்கொண்டவர்கள் 6 சதவீதம் கூடக் கட்டியும் லாபம் கண்டிருக்கக்கூடும். சாதாரண நாட்களில் இரண்டு நாளுக்குள் ரூபா அவ்வளவு தூரம் ஓடாது.

ஏடிஎம்மில் மட்டும் ஒரு சின்னப் பொறி இருக்கிறது. அங்கே கேள்வி "Accept conversion" அல்லது "Decline conversion" என்று வரும். டிக்ளைன் என்ற சொல்லைப் பார்த்ததும் காசே வராது என்று பயந்து மற்றதை அமத்திவிடுவார்கள். மறுப்பது மாற்றத்தை மட்டும்தான். காசு வரும், அந்த நாட்டு நாணயத்தில் கணக்கிலிருந்து கழியும்.

இதே விளையாட்டு எங்கட ஊரிலும் நடக்கிறது, மறுபக்கமாக. நல்லூர்த் திருவிழாக் காலத்தில் யாழ்ப்பாணத்து ஹோட்டல்களில் லண்டன் காட், பரிஸ் காட், ரொறன்ரோ காட் எல்லாம் நீட்டப்படும். மெஷின் காட்டைப் பார்த்ததும் பவுண்டா ரூபாவா என்று கேட்கும். கவுண்டரில் நிற்கிற தம்பி, "அங்கிள், பவுண்டிலயே போடட்டா? உங்களுக்கு ஈஸி" என்பான். "ஓம் தம்பி, போடுங்கோ" என்று பதில் வரும். கேட்காமலே பவுண்டை அமத்திவிட்டு சிலிப்பை நீட்டுகிற இடங்களும் இருக்கின்றன. பில் 60,000 ரூபா, ஒரு பவுண்ட் 400 ரூபா என்றால் 150 பவுண்ட். மெஷின் 5 சதவீதம் வைத்தால் 157.50. ரூபாவில் போட்டிருந்தால், வெளிநாட்டுக் கட்டணமே எடுக்காத காட் என்றால் 150, 3 சதவீதம் எடுக்கிற காட் என்றாலும் 154.50. இங்கே கடையின் நாணயம் ரூபா, ஆகவே அங்கிளுக்கு ரூபாதான் மலிவு.

விடுமுறையில் அந்தக் கவுண்டரில் நிற்பவர்களில் எங்கட வயதுக்காரரும் இருக்கிறார்கள். முதலாளி "பவுண்டில போடு" என்று சொல்லிவிட்டால் மாட்டேன் என்பது கஷ்டம் என்று எங்களுக்கு விளங்குகிறது. ஆனாலும் விசாவின் விதியும் மாஸ்டர்காட்டின் விதியும் ஒன்றைத் தெளிவாகச் சொல்கின்றன: எந்த நாணயம் என்று தெரிவு செய்யவேண்டியவர் காட்டின் சொந்தக்காரர். மெஷினை அவருடைய பக்கம் திருப்பிக் கொடுத்து அமத்தச் சொன்னாலே போதும். முதலாளியோடு சண்டையும் வேண்டாம், அங்கிளை ஏமாற்றவும் வேண்டாம். காட் நீட்டுகிற பக்கத்தில் நாங்கள் நின்றால் "ரூபாவில போடுங்கோ" என்று முதலே சொல்லலாம். கேட்காமல் பவுண்டில் போட்டுவிட்டால், அந்த இடத்திலேயே ரத்துச் செய்து திரும்பப் போடச் சொல்லலாம். மாட்டோம் என்றால் சிலிப்பை வைத்துக்கொண்டு காட் கொடுத்த வங்கியிடம் முறையிடலாம்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2020 ஏப்ரல் முதல் ஒரு விதி இருக்கிறது. ஏடிஎம்மிலோ கடையிலோ நாணயத்தை மாற்றித் தருவதாகச் சொன்னால், ஐரோப்பிய மத்திய வங்கியின் வீதத்தைவிட எத்தனை சதவீதம் கூட எடுக்கிறோம் என்பதை வாடிக்கையாளருக்கு முன்கூட்டியே சொல்லவேண்டும். தடை எதுவும் இல்லை, அந்த எண்ணைக் காட்டினால் போதும். இங்கே உள்ள மெஷின்களிலும், மத்திய வங்கி அன்றாடம் வெளியிடுகிற வீதத்தோடு ஒப்பிட்டு அந்த ஒரு எண் வரவேண்டும் என்று நாங்கள் கேட்கிறோம். "உங்களுக்கு ஈஸி" என்று சொல்கிற தம்பிக்கும் அப்போது தான் விற்பது என்னவென்று தெரியும்.